கோப்பி இலையில் துரு

மடுல்சீமை, இலங்கை, 1869.

தப்புச் சத்தம் கேட்டதும் முத்தம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கு ஓடினாள். பிந்தினால் அரைப்பேர்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கூலியில் பாதி போனால் மிஞ்ச என்ன இருக்கிறது?

மன்னாரில் தோணி இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து இந்த மலைக்கு ஏறியவர்கள் அவளும் அப்பாவும். அம்மா வழியிலேயே கொலராவில் போய்விட்டாள். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் பேச்சு. கங்காணியிடம் பட்ட கடன் விடவில்லை.

அன்று புல்லுப் பிடுங்கும் வேலை. குதிரையில் போகிற துரைக்கு இலையின் மேல்பக்கம்தான் தெரியும். செடிக்கு அடியில் குந்தியிருக்கிறவளுக்கு அடிப்பக்கமும் தெரியும். அங்கே செம்மஞ்சளாகப் பொடி அப்பியிருந்தது. தொட்டாள், விரலில் ஒட்டியது. பக்கத்துச் செடியைப் புரட்டினாள். அதிலும் இருந்தது.

"கங்காணி ஐயா, செடிக்கு என்னமோ சீக்கு."

"சீக்கு உனக்குத்தான் புள்ள. கைய ஓட்டு."

மறுவாரம் அந்த இலைகள் உதிர்ந்தன. அப்புறம்தான் துரை குதிரையை விட்டு இறங்கினார். நாலைந்து இலையைப் பறித்துக் கடுதாசியில் மடித்தார். எந்தச் செடியில் தொடங்கியது என்று கேட்டபோது எல்லோரும் முத்தம்மாவைப் பார்த்தார்கள்.

முத்தம்மா என் கற்பனை. ஆனால் அந்த நோய் 1869இல் மடுல்சீமையில் கண்டுபிடிக்கப்பட்டது நிஜம். பேராதனைப் பூங்காவின் த்வெய்ட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்பவர் நோயை உண்டாக்கிய பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தார்களே தவிர, நிறுத்த முடியவில்லை. காற்று பொடியை மலைக்கு மலை கொண்டுபோனது. இருபது வருஷத்தில் கோப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்தன. 1867இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

முத்தம்மாவுக்கு இப்போது முப்பது வயது. கோப்பிக் கட்டைகளைத் தோண்டி எறிந்த சரிவில் கொழுந்து பறிக்கிறாள். முதுகில் கூடை, பக்கத்தில் மகன்.

"அம்மா, பறிச்சு முடிஞ்சா தாத்தா ஊருக்குப் போவோம்னு சொன்னியே?"

"அது கோப்பிக் காலத்துப் பேச்சு சாமி. கோப்பி வருஷத்துக்கு ஒரு தரம் பழுக்கும், பறிச்சுட்டுக் கிளம்பலாம். இது கிள்ளக் கிள்ளத் துளிர்க்குது. இந்த மலையப் பறிச்சு முடிக்கிறதுக்குள்ள முதல் மலையில கொழுந்து வந்துரும்."

"அப்போ எப்பதான் முடியும்?"

"முடியாது. நாளைக்கு உன்னையும் செக்ரோல்ல பதியணும்னு கணக்கப்பிள்ளை சொல்லியிருக்காரு. வெள்ளனே எந்திரி."