ஓனருக்கு வாடகை மெசேஜ், திருத்தியது

தம்பி, நல்லவேளை அனுப்பும் முன் எனக்குக் காட்டினாய். நீ எழுதியிருந்தது இது:

"சார் இந்த மாசம் வாடகை லேட் ஆகும். கம்பெனில சம்பளம் போடல, நான் என்ன பண்றது. 5000 அனுப்பிட்டேன். மீதி சம்பளம் வந்ததும் பாக்குறேன். கொஞ்சம் வெயிட் பண்ணு. இனி இப்படி ஆகாது."

இதை அனுப்பு:

"வணக்கம் சார். 5ஆம் தேதிக்குள் தந்திருக்க வேண்டிய வாடகை தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் சம்பளம் இன்னும் வரவில்லை. 14ஆம் தேதி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 11,500-இல் 5,000 ரூபாயை இன்று இரவே ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன். மீதி 6,500-ஐ 15ஆம் தேதி தந்துவிடுவேன். கரண்ட் பில்லை நேற்றே கட்டிவிட்டேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும் சார்."

'லேட் ஆகும்' என்று எப்படி எழுதினாய்? இன்று 8ஆம் தேதி. ஆகிவிட்டது. இனிமேல்தான் ஆகப்போகிறது என்பது போல எழுதினால், மூன்று நாளாகக் காத்திருப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.

அதைவிடப் பெரிய தப்பு 'அனுப்பிட்டேன்'. நீ இன்னும் அனுப்பவே இல்லை! ராத்திரி அனுப்பப்போவதை இப்போதே இறந்தகாலத்தில் எழுதினால், அவர் உடனே போனை எடுத்துப் பார்ப்பார், பணம் இருக்காது. பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார். 'அனுப்புகிறேன்' என்றாலும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். 'அனுப்பிவிடுகிறேன்' என்பதில்தான் உறுதி இருக்கிறது.

'பாக்குறேன்' வேண்டவே வேண்டாம். நம் ஊரில் 'பார்க்கிறேன்' என்றால் பாதி பேருக்கு 'தரமாட்டேன்' என்றுதான் காதில் விழும். தேதியைச் சொல்லிவிடு. 14ஆம் தேதி சம்பளம் என்பதால் 15 என்று போட்டிருக்கிறேன், ஒரு நாள் கையில் இருக்கட்டும்.

'பண்ணு' அவசரத்தில் வந்தது என்று தெரியும், ஆனால் அப்பா வயதுக்காரர். 'வெயிட் பண்ணுங்க' என்று மாற்றினாலும் உத்தரவு மாதிரிதான் இருக்கும், அதனால்தான் 'பொறுத்துக்கொண்டால்' என்று போட்டேன். முடிவு அவர் கையில் இருப்பதாகத் தோன்ற வேண்டும். 'நான் என்ன பண்றது' என்று அம்மாவிடம் புலம்பு, ஓனரிடம் வேண்டாம். 'இனி இப்படி ஆகாது' என்பதையும் எடுத்துவிட்டேன், உன் கம்பெனியை நம்பி அப்படிச் சத்தியம் செய்ய முடியாது.

கரண்ட் பில் வரியை நான்தான் சேர்த்தேன். கட்டிவிட்டாய்தானே? இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பு.

அப்புறம், ராத்திரி பணம் போனதும் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரே ஒரு வரி: "சார், 5,000 அனுப்பிவிட்டேன்." உன் இறந்தகாலத்தை அங்கே வைத்துக்கொள்.