அன்னதான அறக்கட்டளை: நன்கொடைப் பணம், ரசீது, வங்கியில் கட்டுதல் – நடைமுறை (1.4.2025 முதல்)

ரசீது எழுதுவது எழுத்தர், வங்கியில் கட்டுவது மேலாளர், வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது பொருளாளர். எழுத்தர் விடுப்பில் போனால் மேலாளர் ரசீது எழுதலாம். பொருளாளர் எழுதக் கூடாது.

ரசீது

ஒரு புத்தகத்தில் 50 எண்கள், எண்ணுக்கு மூன்று பிரதி: வெள்ளை கொடையாளிக்கு, மஞ்சள் கணக்குக்கு, பச்சை புத்தகத்திலேயே. முடிந்த புத்தகத்தை ஒப்படைத்தால்தான் அடுத்தது. பிழையானால் கிழிக்காமல் மூன்று பிரதியிலும் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்தோடு பின் அடிக்கவும். வெள்ளைப் பிரதி இல்லாத ரத்து செல்லாது. அந்தத் தொகையை எழுத்தர் கட்ட வேண்டும்.

காசோலைக்கு ‘பணமானால் மட்டும் செல்லும்’ என்று எழுதவும். யுபிஐ என்றால் கொடையாளி காட்டும் திரையை நம்ப வேண்டாம். நம் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்து, பரிவர்த்தனை எண்ணோடு எழுதவும். கியூஆர் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தினமும் காலையில் தடவிப் பார்க்கவும்.

80ஜி வரிச்சலுகை கேட்பவரிடம் பெயர், முகவரி, பான் எண் மூன்றும் அப்போதே வாங்கவும். மே 31-க்குள் வருமான வரித் துறையிடம் 10பிடி படிவம் தாக்கல் செய்யும்போது தேடினால் கிடைக்காது. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் வரிச்சலுகை இல்லை. இதை வாங்கும் முன்பே சொல்லவும். 5,000 ரூபாயை மூன்று பெயரில் பிரித்துக் கேட்டால் மறுக்கவும். ஒருவரிடம் ஒரே நாளில் ரொக்கம் 2 லட்சத்தை எட்டக் கூடாது. எட்டினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

உண்டியல்

இரண்டு பூட்டு, சாவி ஒன்று மேலாளரிடம், இன்னொன்று ஓர் அறங்காவலரிடம். வெள்ளிக்கிழமை காலை, மூன்று பேர் முன்னிலையில் திறந்து, இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும். இரு எண்ணிக்கையும் ஒத்தால்தான் கையெழுத்து. மொத்தத்துக்கு ‘உண்டியல்’ என்று ஒரே ரசீது.

நாள் முடிவு, வங்கி

மாலை 5 மணிக்குத் தாள்வகைச் சீட்டு எழுத வேண்டும். மாதிரி: ரசீது 1151 முதல் 1168 வரை, 1159 ரத்து, மொத்தம் ரூ.27,600. காசோலை 5,000, யுபிஐ 8,150, ரொக்கம் 14,450 (500×22, 200×9, 100×14, 50×5). எழுத்தரும் மேலாளரும் கையெழுத்திட்டுப் பெட்டகத்தில் வைக்கவும்.

அடுத்த வங்கி வேலை நாளில் அந்த 14,450-ஐ அப்படியே கட்டவும். இரண்டு நாள் வசூல் சேர்ந்துவிட்டாலும் சலான் இரண்டு. ஒவ்வொன்றின் பின்னும் ரசீது எண்கள். சேர்த்துக் கட்டினால் நேற்றைய குறைவை இன்றைய வசூலால் மூடுவது வெளியே தெரியாது. வங்கி கள்ளநோட்டைப் பறிமுதல் செய்தால் ஒப்புகை வாங்கி, அன்றே குறைவாக எழுதவும்.

வசூலிலிருந்து காய்கறிக்கு, ஆட்டோவுக்கு என்று ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. சில்லறைச் செலவுக்குக் காசோலை மூலம் எடுத்த ரூ.5,000 தனிப் பெட்டியில் இருக்கும்.

பொருளாளர் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் மஞ்சள் பிரதி, சலான், வங்கி அறிக்கை மூன்றையும் ஒத்துப் பார்ப்பார். திரும்பிய காசோலையின் ரசீதை ரத்து செய்து கொடையாளிக்குக் கடிதம் அனுப்புவதும் அவர் பொறுப்பு. மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல் வந்து பெட்டகத்தை எண்ணுவார். 100 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் குறைவைப் போலவே விளக்கம் எழுதி வாங்கப்படும். ரசீது எழுதாமல் வாங்கிய பணம் அப்படித்தான் தலைகாட்டும்.