குறிஞ்சி நாடகம்: பாத்திரப் பெயர்கள்

பிள்ளைகளே, அட்டன் பொங்கல் விழா நாடகத்துக்கு இந்தப் பெயர்கள்தான். மலைத்தலைவன் ஆதன், கீழடிப் பானை ஓடுகளில் கீறியிருக்கும் பெயர். அவன் தம்பி கீரன், படைத்தலைவன் கொற்றன், உப்பு மூட்டையோடு மலையேறி வரும் உமணன் சாத்தன்.

தினைப்புனம் காக்கும் நாயகி இளவெயினி. சங்கப் பாடல் பாடிய குறமகளின் பெயர் அது, நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது. தோழி அவளை "வெயினி!" என்று கூப்பிடட்டும், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். தோழி வெண்ணி, தாய் மாசாத்தி. யாழோடு வருபவர் பாணன், வெறியாடுபவர் வேலன், அது போதும்.

அப்புறம், பகையரசன் நெடுங்கிள்ளி. "நெடுங்" என்பதில் சற்று நின்று "கிள்ளி" என்பதை அழுத்திச் சொல்லிப் பழகுங்கள்.