4-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு பெற்றோர் குழு, தருமபுரி

வகுப்பு ஆசிரியை, மாலை 6:10
நாளை அதியமான், ஔவையார் நாடக ஒத்திகை. இனியா ஔவையார், மகிழன் அதியமான். எல்லாரும் ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் கொண்டு வரவும். நம் மாவட்டம் உருவான ஆண்டையும் நோட்டில் எழுதி வரவும்.

தர்ஷினி அம்மா
மிஸ், பெரிய நெல்லியா, அரநெல்லியா?

ஆசிரியை
பெரியது.

கபிலன் அம்மா
கதையில் கருநெல்லி என்று வருகிறதே மிஸ். சந்தையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஆசிரியை
புறநானூறு 91-இல் 'சிறியிலை நெல்லித் தீங்கனி' என்றுதான் இருக்கிறது. கிடைத்த நெல்லி போதும்.

தர்ஷினி அம்மா
மிஸ், சிறியிலை என்றால் இலையோடு கொண்டு வரவேண்டுமா?

ஆசிரியை
வேண்டாம் அம்மா.

ரித்திக் அப்பா
நான்கு ரோடு முழுக்கத் தேடிவிட்டேன். ஊறுகாய்தான் கிடைத்தது. எண்ணெயைத் துடைத்து அனுப்பலாமா?

யாழினி அப்பா
நாங்கள் பாலக்கோடு. தக்காளி என்றால் வகுப்புக்கே ஒரு கூடை தருகிறோம் மிஸ்.

ஆசிரியை
அதியமான் தக்காளி கொடுக்கவில்லை சார்.

கபிலன் அம்மா
ஆண்டு 2004 தானே?

கபிலன் தாத்தா
அம்மாடி, அது கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்த ஆண்டு. நம்முடையது 2.10.1965. அதுவரை சேலம் மாவட்டம்.

ரித்திக் அப்பா
அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி ஆயிற்றே ஐயா. லீவு நாளில் எப்படிப் பிரித்தார்கள்?

கபிலன் தாத்தா
தம்பி, லீவு ஆபீசுக்குத்தான். மாவட்டத்துக்கு ஏது லீவு?

தர்ஷினி அம்மா
துவரம்பருப்பு 1 கிலோ, பெருங்காயம், சோப்பு 2. வரும்போது மறக்காமல் வாங்கிக்கொண்டு வாங்க.

ரித்திக் அப்பா
மிஸ், பெருங்காயம் எந்தப் பாடத்துக்கு?

தர்ஷினி அம்மா
ஐயோ, அது எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பியது!

ரித்திக் அப்பா, இரவு 9:20
சரிங்க. நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இருக்கட்டும்.

மகிழன் அப்பா
மிஸ், ஒரு பிரச்சினை. நெல்லிக்கனி தின்றால் நெடுநாள் வாழலாம் என்று நீங்கள் சொன்னீர்களாம். கொண்டு போகவேண்டியதை இவன் தின்றுவிட்டான். எதிர்வீட்டு அக்கா இன்னொன்று கொடுத்தார்கள், அதுவும் போச்சு. நாளைக்கும் ஔவையாருக்குத் தரமாட்டானாம்.

ஆசிரியை
அப்படியென்றால் அவன் ஔவையாராக நடிக்கட்டும். தின்பவர் அவர்தான்.

மகிழன் அப்பா
கேட்டேன் மிஸ், உடனே சம்மதித்துவிட்டான். வெள்ளைச் சேலைக்குத்தான் அவன் அம்மா பீரோவைக் கலைத்துக்கொண்டிருக்கிறார்.

இனியா அம்மா
எங்களுக்கும் சம்மதம் மிஸ். இனியாவே அதியமானாக நடிப்பாள். ஆனால் மீசை காது வரைக்கும் இருக்கவேண்டுமாம். இப்போதே வரைந்துவிடச் சொல்லி அழுகிறாள். மையால் வரைந்தால் காலைவரை நிற்குமா?