குரூப் 2 பயிற்சித் தாள்: நடனம், இசைக்கருவி, நாட்டுப்புறக் கலை

ஏழு வினாக்கள், எட்டு நிமிடம். விடைகள் கீழேயே உள்ளன. எழுதி முடித்த பிறகு பாருங்கள்.

1. சங்கீத நாடக அகாதமி ஏற்றுக்கொண்ட செவ்வியல் நடனங்களுள் சேராதது எது?
(அ) சத்ரியா (ஆ) மணிப்புரி (இ) சாவ் (ஈ) மோகினியாட்டம்

2. முகமூடி அணியாமல் ஆடப்படும் சாவ் நடன மரபு எது?
(அ) செராய்கேலா (ஆ) மயூர்பஞ்ச் (இ) புருலியா (ஈ) மூன்றுமே முகமூடி மரபுகள்

3. கூற்று: கடம், கன வாத்திய வகையைச் சேர்ந்தது.
காரணம்: கடத்தில் தோலோ நரம்போ இல்லை; அதன் உடலே அதிர்ந்து ஒலிக்கிறது.
(அ) கூற்று சரி, காரணம் தவறு
(ஆ) இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது
(இ) இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்கவில்லை
(ஈ) இரண்டும் தவறு

4. தவறான இணையைக் கண்டறிக.
(அ) சந்தூர் – சிவகுமார் சர்மா
(ஆ) சரோட் – அம்ஜத் அலி கான்
(இ) ஷெனாய் – ஹரிபிரசாத் சௌராசியா
(ஈ) கடம் – விக்கு விநாயக்ராம்

5. தேவராட்டத்துக்கு உரிய இசைக்கருவி எது?
(அ) பறை (ஆ) குடமுழா (இ) வில் (ஈ) தேவதுந்துபி

6. தவறான இணையைக் கண்டறிக.
(அ) மதுபனி – பீகார் (ஆ) வார்லி – மகாராஷ்டிரா (இ) பித்தோரா – ஒடிசா (ஈ) செரியால் – தெலங்கானா

7. பின்வரும் கூற்றுகளை ஆராய்க.
(i) கலாக்ஷேத்ரா 1936இல் ருக்மிணி தேவி அருண்டேலால் நிறுவப்பட்டது.
(ii) தஞ்சைப் பெரிய கோயிலில் 108 கரணங்களும் முழுமையாகச் செதுக்கப்பட்டுள்ளன.
(iii) குச்சிப்புடி மரபு சித்தேந்திர யோகியோடு தொடர்புடையது.
(அ) (i), (ii) சரி (ஆ) (ii), (iii) சரி (இ) (i), (iii) சரி (ஈ) அனைத்தும் சரி

விடைகளும் விளக்கமும்

1 – இ. அகாதமியின் பட்டியலில் எட்டு நடனங்கள்: பரதநாட்டியம், கதக், கதகளி, குச்சிப்புடி, மணிப்புரி, மோகினியாட்டம், ஒடிசி, சத்ரியா. கடைசியாகச் சேர்ந்தது அசாமின் சத்ரியா, 2000இல். ஆனால் மத்திய பண்பாட்டு அமைச்சகம் சாவையும் சேர்த்து ஒன்பது என்கிறது. அதனால் எட்டா ஒன்பதா என்று மனப்பாடம் செய்வதைவிட, வினாவில் யாருடைய பட்டியல் கேட்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் படித்துவிட்டு மதிப்பெண்ணை விடுபவர்கள் நிறைய.

2 – ஆ. ஜார்க்கண்டின் செராய்கேலாவிலும் மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் முகமூடி உண்டு. ஒடிசாவின் மயூர்பஞ்சில் இல்லை. சாவ், கேரளத்தின் முடியேற்று, ராஜஸ்தானின் கால்பேலியா மூன்றும் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இந்த மூன்றையும் ஒரே ஆண்டில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

3 – ஆ. நாட்டிய சாஸ்திரம் கருவிகளைத் தத (நரம்பு), சுஷிர (துளை), அவனத்த (தோல்), கன என நான்காகப் பிரிக்கிறது. தாளம், ஜால்ரா எல்லாம் கன வகை. தமிழில் இதைக் கஞ்சக்கருவி என்கிறோம். கஞ்சம் என்றால் உலோகம்தானே, மண்பானை எப்படி அதில் வரும் என்று தயங்கி விடையை மாற்றுவார்கள். இங்கே வகையை முடிவு செய்வது பொருள் அல்ல. எது அதிர்கிறது என்பதே. கடத்தை மிருதங்கத்தின் பக்கத்திலேயே பார்த்துப் பழகியதால் அதையும் அவனத்தத்தில் சேர்ப்பது இன்னொரு வழக்கமான சறுக்கல்.

4 – இ. சௌராசியாவின் கருவி பான்சுரி, அதாவது புல்லாங்குழல். ஷெனாய்க்கு பிஸ்மில்லா கான். 2001இல் லதா மங்கேஷ்கரோடு பாரத ரத்னா பெற்றவர். ஷெனாயும் புல்லாங்குழலும் ஊதும் கருவிகள் என்பதால்தான் இந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை.

5 – ஈ. பேச்சுவழக்கில் இதை உறுமி என்பார்கள். பறை என்றால் தப்பாட்டம், வில் என்றால் வில்லுப்பாட்டு. குடமுழாவைப் பற்றித் தனியாகவே ஒரு வினா வரலாம்: ஐந்து முகம் கொண்டது, பஞ்சமுக வாத்தியம் என்றும் பெயர், திருவாரூர்க் கோயிலில் இன்றும் இருக்கிறது.

6 – இ. பித்தோரா குஜராத், மத்தியப் பிரதேசப் பகுதியில் ராத்வா, பில் மக்கள் வீட்டுச் சுவரில் வரைவது. ஒடிசாவுக்குப் பட்டசித்ரா.

7 – இ. பெரிய கோயிலில் முடிந்தவை 81 கரணங்கள் மட்டுமே. மீதி 27 கற்கள் செதுக்கப்படாமல் நிற்கின்றன. 108ம் முழுமையாக இருப்பது சிதம்பரம் கோபுரங்களில். சித்தேந்திர யோகியின் பெயர் வந்தால் 'பாமா கலாபம்' என்ற படைப்பின் பெயரும் கூடவே வரும். பித்தளைத் தட்டின் விளிம்பில் நின்று ஆடும் தரங்கமும் குச்சிப்புடியைச் சேர்ந்ததுதான்.