வாசலுக்கு வெளியே

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

இன்று நாம் வாசித்தது உபாகமம் 24-ஆம் அதிகாரம், 10, 11 வசனங்கள். ஒருவனுக்குக் கடன் கொடுத்தால், அடகை எடுக்க நீ அவன் வீட்டுக்குள் நுழையாதே. வெளியே நில், அவனே அதைக் கொண்டுவந்து தரட்டும் என்கிறது சட்டம். இதில் பிரசங்கிக்க என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். என் சித்தப்பா மகனுக்குப் பணம் கொடுக்கும் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெரிய கதை ஒன்றுமில்லை. இரண்டே மாதத்தில் தந்துவிடுகிறேன் அண்ணா என்றான். கொடுத்தேன். இரண்டு மாதம் ஆறு மாதமாகி, ஆறு மாதம் இரண்டு வருடமானது. முதலில் அவனே போன் செய்து காரணம் சொன்னான். பிறகு நான் செய்தால் எடுத்தான். பிறகு எடுப்பதும் நின்றது. ஒரு நாள் அவன் புது வண்டி வாங்கியிருக்கிறான் என்று காதில் விழுந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வண்டியில் எந்தச் சக்கரம் என் பணம் என்று படுத்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் இந்த வசனம் எனக்கு உறைத்தது. நான் அவன் வாசலில் நிற்கவில்லை, எப்போதோ உள்ளே போய்விட்டேன். அவன் பிள்ளைக்கு என்ன சட்டை எடுத்தான், அவன் மனைவி கழுத்தில் என்ன கிடக்கிறது, எங்கே சுற்றுலா போனார்கள் என்று அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தேன். கால் வைக்காமலே ஒருவர் வீட்டுக்குள் நுழைய முடியும்.

கடன் கொடுத்தவனின் உரிமையை மோசேயின் சட்டம் மறுக்கவில்லை, கவனியுங்கள். அவன் கேட்கலாம், அடகு வாங்கலாம், வாசல் வரை போய் நிற்கலாம். வாசற்படிக்கு அந்தப் பக்கம் இருப்பது கடன்பட்டவனின் மானம். அது அடகுக்கு வராது. அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனம், மாவு அரைக்கிற திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது என்கிறது. அது ஒருவனின் பிழைப்பையே பிடுங்குவதாகும். கடனைக் கேள், ஆனால் அவன் நிமிர்ந்து நடமாட இடம் விட்டுக் கேள்.

சரி, கொடுப்பதற்கு முன்பு என்ன செய்வது? லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், “கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்” என்கிறார். பணம் கேட்டு வருகிறவர் இந்த வசனத்தோடு வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஒரு முறை ஒரு அம்மா என்னிடம், “ஐயா, அது சத்துருக்களைப் பற்றிய வசனம், சொந்தக்காரர்களைப் பற்றியது இல்லையே” என்றார். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள் அம்மா, இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும் என்றேன்.

அந்த வசனத்தை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: பணம் கையை விட்டுப் போகும் முன்பே, இது திரும்பாவிட்டாலும் இந்த மனிதரை முன்போலவே பார்ப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்வது. பார்ப்பேன் என்றால் கொடுக்கலாம். முடியாது என்றால் அந்தத் தொகை எனக்குப் பெரியது. கேட்டதில் பாதியோ கால்வாசியோ கொடுத்து, இதைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நீதிமொழிகள் இதைவிடக் கறாராகப் பேசுகிறது. 22-ஆம் அதிகாரத்தில், பிறர் கடனுக்குப் பிணை நிற்காதே, கட்ட வழியில்லாமல் போனால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள் என்று இருக்கிறது. அந்தப் படுக்கையில் உங்களோடு உங்கள் வீட்டாரும் படுத்திருக்கிறார்கள். மச்சானுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மனைவியிடம் மறைக்கிறவரை நான் தாராள மனசுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகளின் பணத்தை எடுத்துத் தனக்கு நல்ல பெயர் வாங்கியிருக்கிறார். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். “நேற்று வந்திருந்தால் கொடுத்திருப்பேன்” என்ற பழைய பொய் வேண்டாம்.

கடனாகக் கொடுத்தால் எழுதி வைப்பதும் தவறில்லை. சொந்தத்துக்குள் எதற்குச் சீட்டு என்று கோபப்படுவார்கள். பவுல் அப்போஸ்தலனே எழுதிக் கொடுத்தவர்தான். ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நான் செலுத்தித் தீர்ப்பேன், இதை என் சொந்தக் கையாலே எழுதுகிறேன் என்கிறார். அன்பு நிறைந்த கடிதம்தான். ஆனால் அதிலும் கடனைக் கடன் என்றே சொல்கிறார், யார் கட்டுவது என்பதையும் சொல்கிறார்.

மன்னிப்புக்கு வருவோம். மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் காசு என்று பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். சில்லறை இல்லை. ஒரு வெள்ளிப்பணம் அன்றைய ஒரு நாள் கூலி. அப்படியென்றால் அது நூறு நாள் உழைப்பு. உங்களை ஏமாற்றிய சொந்தக்காரர் தர வேண்டியது அற்பம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்த வலிக்கு ஒரு தொகை உண்டு என்று அவருக்குத் தெரியும். தனியாகப் பார்த்தால் அது பெரியது. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் நூறு சிறுக்கிறது.

நான் என் தம்பிக்குப் போன் செய்தேன். நாலாவது முறைதான் எடுத்தான். “அந்தப் பணத்தை நான் விட்டுவிட்டேன், இனிமேல் கேட்க மாட்டேன், நீ வீட்டுக்கு வா” என்றேன். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் வந்தான். வந்து, ஒரு வருடம் கழித்து, மறுபடியும் கடன் கேட்டான்!

நான் கொடுக்கவில்லை. பழையதை மன்னித்தேன் என்பதற்காகப் புதியதைக் கொடுத்தாக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. “உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லைடா, பணம் மட்டும் தர மாட்டேன்” என்றேன். முகம் வாடித்தான் போனான். இரண்டு மூன்று மாதம் பேசவில்லை. இப்போது வருகிறான், பேசுகிறான், வண்டியை வெளியே நிறுத்துகிறான். நானும் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. முன்பைவிடக் குறைவாகப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இவ்வளவு நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு, ஆட்டாமல் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை. “துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான்” என்று 37-ஆம் சங்கீதம் சொல்கிறது. கையில் இல்லாதவனை அது துன்மார்க்கன் என்று சொல்வதாக நான் நினைக்கவில்லை. இருந்தும் கொடுக்காதவனைச் சொல்கிறது. முழுவதும் இல்லையென்றால் கொஞ்சம் கொடுங்கள். கொஞ்சமும் இல்லையென்றால் போனையாவது எடுங்கள். எலிசாவிடம் வந்த விதவையின் குடத்தில் எண்ணெய் பெருகியபோது அவர் அவளிடம் முதலில் சொன்னது, போய் விற்றுக் கடனைத் தீர் என்பதுதான். மீதியில் பிழையுங்கள் என்றது அதற்குப் பிறகு.

எழுந்து நிற்போம், ஜெபிப்போம்.

ஆண்டவரே, எங்கள் ஒவ்வொருவர் மனதிலும் இப்போது ஒரு பெயர் இருக்கிறது. சிலருக்கு அது தர வேண்டியவரின் பெயர், சிலருக்கு வாங்க வேண்டியவரின் பெயர். அந்தப் பெயரை உம்முடைய சமுகத்தில் சொல்கிறோம். இந்த வாரத்துக்குள் அவரோடு ஒரு முறை பேச எங்களுக்குத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.