‘சிக்னல்களும் சிஸ்டம்களும்’ தாள், வினா 4: மறுமதிப்பீடு கோரி விண்ணப்பம்

அனுப்புநர்:
பதிவு எண் 214067,
நான்காம் பருவம், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியல்.

பெறுநர்:
தலைமைத் தேர்வாளர்,
‘சிக்னல்களும் சிஸ்டம்களும்’ தாள்.

பொருள்: வினா 4-இல் கன்வல்யூஷன் விடையின் மூன்றாம் பகுதிக்கும் வரைபடத்துக்கும் மறுமதிப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி தாளில் எனக்கு 100-க்கு 61 மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. விதிப்படி கட்டணம் செலுத்தி விடைத்தாளின் நகலைப் பெற்றுப் பார்த்தேன். வினா 4-ஐத் தவிர வேறு எந்த விடையின் மதிப்பீடு பற்றியும் எனக்குக் கேள்வி இல்லை. கூட்டலும் சரியாகவே உள்ளது. எனவே முழுத் தாளையும் மறுபடி திருத்தக் கோரவில்லை; 9, 10 ஆகிய இரண்டு பக்கங்களை மட்டும் மீண்டும் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

வினா இது: x(t) = e^(−2t) u(t), h(t) = u(t) − u(t−3) எனில் y(t) = x(t) * h(t) காண்க; y(t)-ஐ வரைக. மொத்தம் 12 மதிப்பெண். வினாத்தாளிலேயே பிரிவு அச்சாகியுள்ளது: நேரப் பகுதிகளைப் பிரிக்க 3, ஒவ்வொரு பகுதியின் தொகையீட்டுக்கும் 2 வீதம் 6, வரைபடத்துக்கு 3. எனக்குக் கிடைத்தவை முறையே 3, 4, 1. தொகையீட்டில் குறைந்த 2 மதிப்பெண்ணும் t ≥ 3 பகுதிக்கு உரியவை.

அந்தப் பகுதிக்கு நான் எழுதியிருப்பது:

y(t) = ∫ e^(−2τ) dτ, τ = t−3 முதல் t வரை
y(t) = [e^(−2(t−3)) − e^(−2t)] / 2

இதில் t−3, t என்ற எல்லைகள் வட்டமிடப்பட்டு, அருகில் சிவப்பு மையால் ‘0, 3’ என்று எழுதப்பட்டுள்ளது. விடை அடிக்கப்பட்டுள்ளது. பிழை அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது என்பதைக் கீழே காட்டுகிறேன்.

கன்வல்யூஷனில் இரண்டு சிக்னல்களில் எதைத் திருப்பி நகர்த்தினாலும் விடை ஒன்றே. வினாவும் எதைத் திருப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. நான் h-ஐத் திருப்பினேன்; 8-ஆம் பக்கத்தின் முதல் வரியிலேயே y(t) = ∫ x(τ) h(t−τ) dτ என்று எழுதியிருக்கிறேன். h(t−τ) என்பது t−3 முதல் t வரை நீளும் செவ்வகம். t, 3-ஐத் தாண்டியபின் அந்தச் செவ்வகம் முழுவதும் τ ≥ 0 பக்கம் வந்துவிடுகிறது. ஆகவே கீழ் எல்லை t−3, மேல் எல்லை t. தொகைக்குள் இருப்பது e^(−2τ).

0, 3 என்ற எல்லைகள் x-ஐத் திருப்பும்போது வருபவை. அப்போது தொகைக்குள் இருப்பது e^(−2τ) அல்ல, e^(−2(t−τ)). அந்த வழியில் வரும் விடை e^(−2t) (e^6 − 1) / 2. இதைப் பிரித்து எழுதினால் e^6 · e^(−2t) = e^(−2(t−3)) என்பதால், என் விடையே கிடைக்கிறது. எண்ணிட்டும் பார்க்கலாம்: t = 4-இல் இரண்டும் 0.0675; t = 5-இல் இரண்டும் 0.0091.

ஒரு வழியின் எல்லைகளை மறு வழியின் தொகைக்குள் வைத்தால் மட்டுமே குழப்பம் வருகிறது. e^(−2τ)-ஐ 0 முதல் 3 வரை தொகையிட்டால் (1 − e^(−6)) / 2, அதாவது ஏறத்தாழ 0.499 என்ற மாறிலி கிடைக்கும். அப்படியானால் t = 3-க்குப் பிறகு வெளியீடு குறையவே கூடாது. x(t) தேய்ந்துகொண்டே போகிறது, h(t) 3 நொடியில் முடிந்துவிடுகிறது; இவ்விரண்டிலிருந்து என்றும் தேயாத வெளியீடு வர வழியில்லை. பரப்பளவைக் கொண்டும் இதை உறுதி செய்யலாம். y-இன் மொத்தப் பரப்பு, x-இன் பரப்பையும் h-இன் பரப்பையும் பெருக்கினால் வருவது: 0.5 × 3 = 1.5. என் விடையின் இரண்டு துண்டுகளின் பரப்பு 1.5 − (1 − e^(−6))/4, (1 − e^(−6))/4. கூட்டினால் சரியாக 1.5. மாறிலி என்று கொண்டால் பரப்பு முடிவிலிக்குப் போய்விடும்.

இந்தத் தவறு 0 ≤ t < 3 பகுதியில் ஏன் கண்ணில் படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அங்கே எந்தச் சிக்னலைத் திருப்பினாலும் எல்லைகள் 0, t என்றே அமைகின்றன. விடையும் (1 − e^(−2t)) / 2 தான். எனவே அப்பகுதிக்கு முழு 2 மதிப்பெண் கிடைத்துள்ளது. மூன்றாம் பகுதியில்தான் இரு வழிகளின் எல்லைகளும் பிரிகின்றன. விடைக்குறிப்பில் x-ஐத் திருப்பிய வழி மட்டும் தரப்பட்டிருந்தால், வரிக்கு வரி ஒப்பிடும்போது இப்படி நேர்வது இயல்பே.

வரைபடத்தில் குறைந்த 2 மதிப்பெண்ணும் இதன் தொடர்ச்சியே. 10-ஆம் பக்கத்தில் t < 0-க்குச் சுழி, t = 3 வரை ஏறும் வளைவு, t = 3-இல் உச்சம் 0.499, பின் இறங்கும் வளைவு என வரைந்து, t = 4-இல் 0.0675 என்ற புள்ளியையும் குறித்திருக்கிறேன். இரு அச்சுகளுக்கும் பெயரும் அளவும் உண்டு. t = 3-இல் இரு துண்டுகளும் ஒரே மதிப்பில் சேர்கின்றன. இறங்கும் பகுதியின் மேல் கிடைக்கோடு ஒன்று சிவப்பு மையால் வரையப்பட்டுள்ளது; அது மேலே சொன்ன 0.499 என்ற மாறிலிதான். h-இன் வகைக்கெழு δ(t) − δ(t−3) ஆதலால், t > 3-இல் y-இன் சாய்வு x(t) − x(t−3) ஆக இருக்க வேண்டும். x தேயும் சிக்னல் என்பதால் இது எப்போதும் எதிர்க்குறி. கோடு கிடையாக இருக்க முடியாது.

ஆகவே t ≥ 3 பகுதியின் தொகையீட்டுக்கு 2, வரைபடத்துக்கு மீதமுள்ள 2 என மொத்தம் 4 மதிப்பெண்ணைச் சேர்த்து, வினா 4-க்கு 12 என்றும் தாளின் மொத்தத்தை 65 என்றும் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் காட்டிய கணக்கில் எந்தப் படியையாவது ஏற்க இயலாது எனில், எந்தப் படி என்பதைக் குறிப்பிட்டுப் பதில் தந்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பலரும் வகுப்பில் h-ஐத் திருப்பியே கணக்கிடுகிறார்கள். செவ்வகத்தை நகர்த்துவது எளிது. விடைக்குறிப்பில் ஒரு வழி மட்டுமே இருக்குமானால், இதே வினாவில் இதே இடத்தில் வேறு தாள்களிலும் மதிப்பெண் குறைந்திருக்க வாய்ப்புண்டு. [e^(−2(t−3)) − e^(−2t)] / 2, e^(−2t) (e^6 − 1) / 2 ஆகிய இரண்டு வடிவங்களையும் ஏற்கலாம் என்று குறிப்பில் சேர்த்து, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்காதவர்களின் தாள்களிலும் இந்த ஒரு பகுதியைப் பார்க்கச் செய்வீர்களானால் அது அவர்களுக்கும் நியாயம் சேர்க்கும்.

இப்படிக்கு,
பதிவு எண் 214067

இணைப்புகள்:
விடைத்தாள் நகல், பக்கங்கள் 8 முதல் 10 வரை
வினாத்தாள் நகல்
மறுமதிப்பீட்டுக் கட்டண ரசீது